மூன்றாவது மறுஆய்வு: புரிந்துணர்வு ஒப்பந்தத்திலிருந்து செயல் பட்டியல் எடுப்பது

இரண்டு அமைப்புகள் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதும், யாராவது ஒருவர் ‘கூட்டுச் செயல் பட்டியல்’ ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். திறந்து பார்த்தால் அது பெரும்பாலும் ஒப்பந்தத்தின் சுருக்கமாக இருக்கும். ‘மண்டபம் – கோயில். மடிக்கணினி – அறவாரியம். மறுஆய்வு – ஆறு மாதத்திற்கு ஒருமுறை.’ தவறு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த புதன்கிழமை யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பதில் கிடைக்காது. சுருக்கம் எழுதுகிறவர் ஒப்பந்தம் எதைப் பற்றியது என்று படிக்கிறார். பட்டியல் எடுக்கிறவர் ஒவ்வொரு வாக்கியத்தின் வினைச்சொல்லையும் பிடித்து, இதை யார் செய்வது, எந்த நாளிலிருந்து எண்ணுவது, எது நடந்த பிறகு நடக்க வேண்டும் என்று விசாரிக்க வேண்டும். அப்படி விசாரித்தால் சில கட்டங்கள் காலியாகவே நிற்கும். அந்தக் காலிக் கட்டங்களைக் கண்டுபிடிக்கத்தான் பட்டியலே எடுக்கிறோம் என்பது என் உறுதியான கருத்து.

இதைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை என்பதால், விளக்கத்துக்காக ஓர் ஒப்பந்தத்தை அமைத்துக்கொள்கிறேன். கெடாவில் பீடோங் மாதிரி ஒரு தோட்டப் பட்டணம். ஒரு தரப்பு, சங்கப் பதிவு பெற்ற கோயில் நிர்வாகம். மறு தரப்பு, கோலாலம்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் கல்வி அறவாரியம். கோயில் மண்டபத்தில் வாரம் மூன்று மாலை தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட வகுப்பும் கணினி வகுப்பும் நடத்துவது நோக்கம். ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டு. ஏழெட்டுப் பக்க ஆவணம், பின்னால் இரண்டு இணைப்புகள். இந்த அளவு ஒப்பந்தங்கள்தான் நம் ஊர்களில் அதிகம் கையெழுத்தாகின்றன. வழக்கறிஞரை வைத்துக் கண்காணிக்கிற அளவுக்குப் பெரியதல்ல. ஞாபகத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற அளவுக்குச் சிறியதுமல்ல.

முதலில் ஒரே ஒரு தேதி

பட்டியலில் எழுத வேண்டிய முதல் விஷயம் யாருடைய கடமையும் அல்ல. ஒப்பந்தம் நடப்புக்கு வரும் நாள். மற்ற எல்லாத் தேதிகளும் அதிலிருந்துதான் தொங்குகின்றன. ஆவணத்தைக் கையில் எடுத்தால் குறைந்தது மூன்று தேதிகள் கண்ணில் படும்: முகப்புப் பக்கத்தில் அச்சடித்த தேதி, கையெழுத்துக்குக் கீழே ஒவ்வொருவரும் எழுதிய தேதி, முத்திரை வரி கட்டியிருந்தால் அந்தச் சான்றிதழின் தேதி. முத்திரைத் தேதியை ஒப்பந்தம் தொடங்கிய நாளாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம், வரிக்கு உட்பட்ட ஆவணம் மலேசியாவில் கையெழுத்தானால் 30 நாட்களுக்குள் முத்திரையிடச் சொல்கிறது. ஆகவே அந்தத் தேதி கையெழுத்துத் தேதியிலிருந்து ஒரு மாதம்வரை விலகி நிற்கலாம்.

எந்தத் தேதி செல்லும் என்பதை ஆவணத்தின் விளக்கப் பிரிவே சொல்லும். நம் எடுத்துக்காட்டில் ‘இரு தரப்பில் கடைசியாகக் கையெழுத்திடுபவர் கையெழுத்திட்ட நாள்’ என்று இருக்கிறது. கோயில் தலைவர் 5 மார்ச் 2026 அன்று கையெழுத்திட்டார். ஆவணம் கோலாலம்பூர் போய், அறவாரியத் தலைவர் 16 மார்ச் அன்று கையெழுத்திட்டார். நடப்பு நாள் 16 மார்ச். மடிக்கணினிகளை 30 நாட்களுக்குள் தர வேண்டும் என்றால், முதல் நாளைச் சேர்க்காமல் எண்ணினால் 15 ஏப்ரல் வரும். கோயில் தரப்பு தன் தலைவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணினால் 4 ஏப்ரல். பதினொரு நாள் வித்தியாசம். அந்த இடைவெளியில் ‘சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை’ என்ற மனத்தாங்கல் பிறந்துவிடும். உண்மையில் யாரும் தவறு செய்திருக்க மாட்டார்கள். அதனால் பட்டியலின் உச்சியில் நடப்பு நாளை எழுதி, எந்தப் பிரிவின்படி என்று பக்கத்திலேயே குறித்து, இரு தரப்புச் செயலாளர்களும் சுருக்கொப்பமிட்ட பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

ஒரு வாக்கியம், மூன்று வரி

பிரிவு 4.2 இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ‘அறவாரியம் நடப்பு நாளிலிருந்து 30 நாட்களுக்குள் 12 மடிக்கணினிகளை மண்டபத்துக்கு வழங்க வேண்டும், மண்டபத்தின் மின் இணைப்பு தகுதி பெற்ற வயர்மேனால் சரிபார்க்கப்பட்ட பின்னரே அவை பொருத்தப்படும்.’

சுருக்கத்தில் இது ‘12 மடிக்கணினி – அறவாரியம் – ஏப்ரல்’ என்று ஒரே வரியாகிவிடும். வினைச்சொற்களைப் பிடித்தால் மூன்று இருக்கின்றன. வழங்குவது: அறவாரியம், 15 ஏப்ரலுக்குள். சரிபார்ப்பது: யார் என்று இல்லை, எப்போது என்றும் இல்லை. பொருத்துவது: அதற்கும் ஆள் இல்லை, சரிபார்ப்பு முடிந்த பிறகு என்ற நிபந்தனை மட்டும் இருக்கிறது. ‘சரிபார்க்கப்பட்ட’, ‘பொருத்தப்படும்’ என்று வினை வருகிற ஒவ்வோர் இடத்திலும் நின்று ஆளைத் தேட வேண்டும். எழுதியவர் ஆளை வேண்டுமென்றே மறைக்கவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் எல்லாருக்கும் அது தெளிவாகத்தான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகத் தெளிவாக இருந்தது.

பட்டியலை இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும்போது இந்த வரியில் பேச்சு இப்படித்தான் போகும்:

“தம்பி, வயரிங் பாக்குறது நீங்கதானே? கம்ப்யூட்டர் உங்களோடது.”

“இல்லீங்கண்ணே, மண்டபம் கோயிலோடது. நீங்க பாத்துருவீங்கன்னுதான் நாங்க நெனச்சோம்.”

இந்த உரையாடல் மார்ச் மாதம் நடந்தால் இரண்டு நிமிட வேலை. மே மாதம் நடந்தால், பன்னிரண்டு மடிக்கணினிகள் பெட்டி பிரிக்காமல் அலுவலக அறையில் கிடக்க, எந்தத் தரப்பு வகுப்பைத் தாமதப்படுத்தியது என்ற வழக்காக மாறியிருக்கும். ஆள் தெரியாத கட்டத்தில் பட்டியல் எடுப்பவர் தன் ஊகத்தை எழுதிவிடக் கூடாது. ‘முடிவு செய்யப்படவில்லை’ என்று எழுதி, அதைக் கேட்க வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்று பக்கத்தில் போட வேண்டும். ஊகம் பட்டியலில் ஏறிவிட்டால், நாலு மாதம் கழித்து அது ஒப்பந்தம் சொன்னது போலவே பேசப்படும்.

இதே காரணத்துக்காக, அசல் வாசகத்துக்கு என்று பட்டியலில் ஒரு செங்குத்துப் பத்தி இருந்தே ஆக வேண்டும். பிரிவு எண், வாக்கியம் அப்படியே, அதற்குப் பக்கத்தில்தான் ‘செய்ய வேண்டியது’. நம் பக்கத்து ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மலாயில் இருக்கும். ‘ஹெண்டாக்லா’ என்றால் கட்டாயம். ‘போலே’ என்றால் விருப்பம். ‘பெருசாஹா’ என்றால் முயற்சி. மூன்றையும் தமிழில் பேசும்போது ‘செய்வாங்க’ என்று ஒன்றாக்கிவிடுகிறோம். ‘அறவாரியம் ஆண்டுக்கு ஒரு சுற்றுலா நடத்த முயலும்’ என்பது கெடு வைத்த கடமையாகப் பட்டியலில் ஏறினால், அது நடக்காத ஆண்டில் அறவாரியம் வாக்குத் தவறியதாகத் தெரியும். அந்த மாதிரி வரிகளைத் தனியாக, கெடுத் தேதி இல்லாமல், ‘முயற்சி’ என்று குறித்து வைப்பதே நேர்மை.

கையெழுத்திடாதவரின் கடமை

பிரிவு 4.5: ‘பள்ளித் தலைமையாசிரியர் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் பெயர்ப்பட்டியலை அறவாரியத்துக்கு வழங்குவார்.’ படிக்கும்போது இயல்பாக இருக்கிறது. ஆனால் பள்ளி இந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. தலைமையாசிரியர் கையெழுத்திடவில்லை, இரண்டு அமைப்புகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட தாள் அவரைக் கட்டுப்படுத்தாது. தனியார் அமைப்புக்கு மாணவர் விவரம் தர அவர் தயங்கினால் அது நியாயமான தயக்கம். ‘பொறுப்பு: தலைமையாசிரியர்’ என்று எழுதிய வரி எப்போதும் நிறைவேறாமலே நிற்கும்; அதற்காக யாரையும் கேட்கவும் முடியாது.

இந்த வரியை மாற்றி எழுத வேண்டும். கையெழுத்திட்ட இரண்டு தரப்பில் யாரோ ஒருவர் பள்ளிக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்பது என்பதே உண்மையான வேலை. ஊரில் இருப்பது கோயில் என்பதால் கோயில் செயலாளர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளலாம். பள்ளி தர இயலாது என்றால், பெற்றோரே நேரடியாக மண்டபத்தில் பதிந்துகொள்வது மாற்று வழி. அதையும் அதே வரியில் எழுதி வைக்க வேண்டும்.

பொறுப்பாளர் கட்டத்தில் ஆள் பெயரை எழுதுவதா, பதவியை எழுதுவதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதவிதான். கோயில் செயற்குழு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மாறும். அறவாரியத்தின் திட்ட ஒருங்கிணைப்பாளர் வேறு வேலைக்குப் போவார். கைப்பேசி எண்ணும் ஆள் பெயரும் தனித்தாளில் இருக்கட்டும். ஆள் மாறினால் அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும். ‘இரு தரப்பும்’ என்று பொறுப்பு எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். இரு தரப்பும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையிலும் ஒருவர் அழைக்கிறார், மற்றவர் வருகிறார். அழைப்பவரின் பதவியைத்தான் எழுத வேண்டும்.

இணைப்பில் இருக்கும் மின்சார பில்

பட்டியல் எடுப்பவர்கள் முதன்மைப் பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பணம் பற்றியவை பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும். நம் ஒப்பந்தத்தின் இணைப்பு ‘ஆ’ சொல்கிறது: மாத மின் கட்டணத்தில் 200 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட தொகையை அறவாரியம் ஏற்கும், பில்லின் நகல் கிடைத்த 7 வேலை நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், தொகை ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும்.

இதில் எழுதாமல் ஒரு கடமை இருக்கிறது: கோயில் பொருளாளர் பில்லின் நகலை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஏழு நாள் ஓடவே தொடங்காது. ஆறு மாத பில் சேர்ந்து ஒரே கட்டாகப் போனால் அறவாரியத்தின் கணக்காளர் முகம் சுளிப்பார். ‘பில் வந்ததும் நகலை மின்னஞ்சலில் அனுப்புவது – பொருளாளர் – மாதந்தோறும்’ என்று வரி சேர்த்து, ‘வாசகத்தில் இல்லை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டது’ என்று குறிக்க வேண்டும்.

அடுத்தது ‘வேலை நாள்’. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். பில் நகல் 1 ஜூலை 2026, புதன்கிழமை கிடைத்தது என்று கொள்வோம். கோலாலம்பூர் கணக்கில் ஏழாவது வேலை நாள் 10 ஜூலை வெள்ளி. கெடா கணக்கில் 12 ஜூலை ஞாயிறு. இரண்டு இடத்திலும் அலுவலகம் திறந்திருக்கும் திங்கள் முதல் வியாழன் வரையான நாட்களை மட்டும் எண்ணினால் 14 ஜூலை செவ்வாய். ஒப்பந்தம் ஒன்று, கெடு மூன்று. 13ஆம் தேதி அறவாரியத்தின் ஆட்சேபக் கடிதம் வந்தால், அது நேரத்துக்கு வந்ததா இல்லையா என்பதற்கு மூன்று கணக்கிலும் ஒரே பதில் கிடையாது. ஆவணத்தில் ‘வேலை நாள்’ விளக்கப்பட்டிருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால் எதைப் பின்பற்றுவது என்று இப்போதே பேசி, பட்டியலின் உச்சியில் நடப்பு நாளுக்குக் கீழே எழுதிவிட வேண்டும்.

தேதிகளை விரலில் எண்ணாமல் விரிதாளில் போடுவது நல்லது. நடப்பு நாள் `B1` கட்டத்திலும் பில் கிடைத்த நாள் `B2` கட்டத்திலும் இருந்தால்:

```
=B1+30
=EDATE(B1,6)
=EDATE(B1,24)-1
=EDATE(B1,24)-1-60
=WORKDAY.INTL(B2,7,1)
=WORKDAY.INTL(B2,7,7)
=WORKDAY.INTL(B2,7,"0000111")
```

முதல் நான்கும் முறையே மடிக்கணினிக் கெடு, முதல் மறுஆய்வு, ஒப்பந்தம் முடியும் நாள், அதற்கு 60 நாள் முந்திய தேதி. கடைசி மூன்றும் மேலே சொன்ன மூன்று கணக்குகள். `1` என்பது சனி-ஞாயிறு விடுமுறை, `7` என்பது வெள்ளி-சனி. மேற்கோளுக்குள் இருப்பது திங்களில் தொடங்கும் ஏழு நாட்கள். 1 வரும் இடம் விடுமுறை. பொது விடுமுறை நாட்களை ஒரு பத்தியில் எழுதி, அந்த வரம்பை நான்காவது மதிப்பாகக் கொடுத்தால் அவற்றையும் தவிர்த்து எண்ணும். கெடாவின் மாநில விடுமுறைகள் வேறு என்பதால் அந்தப் பத்தியையும் இரு தரப்பும் பார்க்க வேண்டும்.

மறுஆய்வுத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்

இந்த முழு வேலையிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனி வருவதுதான். பிரிவு 7.1: ‘இரு தரப்பும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மறுஆய்வு செய்யும்.’ பிரிவு 10.2: ‘ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பும் தரப்பு, காலாவதிக்குக் குறைந்தது 60 நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.’ இரண்டுக்கும் நடுவே மூன்று பக்கம். தனித்தனியே படித்தால் இரண்டும் சாதாரண வாக்கியங்கள். தேதியாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால்தான் விஷயம் தெரியும்.

முதல் மறுஆய்வு 16 செப்டம்பர் 2026. அது மலேசியா தினம், பொது விடுமுறை. இரண்டாவது 16 மார்ச் 2027. மூன்றாவது 16 செப்டம்பர் 2027, மறுபடியும் மலேசியா தினம். நான்காவது 16 மார்ச் 2028. ஆனால் ஒப்பந்தம் 15 மார்ச் 2028 அன்றே முடிந்துவிடுகிறது. நான்காவது மறுஆய்வு என்று ஒன்று இல்லவே இல்லை. புதுப்பிக்கும் கடிதத்தின் கெடு, 2028 லீப் ஆண்டு என்பதையும் சேர்த்து எண்ணினால், 15 ஜனவரி 2028. அது சனிக்கிழமை, இரண்டு ஊரிலும் விடுமுறை, பொங்கல் நேரம் வேறு.

அதாவது, வகுப்பு தொடர வேண்டுமா என்று இரு தரப்பும் ஒப்பந்தப்படி உட்கார்ந்து பேசக் கிடைக்கும் கடைசிச் சந்தர்ப்பம் செப்டம்பர் 2027. ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கும் நேரம் அது. அன்றைக்கு எல்லாரும் இன்னொரு கூட்டம் வரும் என்று நினைத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். மார்ச் மாதம் அடுத்த மறுஆய்வுக்கு அறை பதிவு செய்யப் போகும்போதுதான் ஒப்பந்தம் காலாவதியானது தெரியவரும். நல்ல முறையில் ஓடிய திட்டம்கூட இப்படி நின்றுபோகலாம். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று மாலை என்ன என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மூன்றாவது மறுஆய்வின் வரியில் ‘மறுஆய்வு’ என்று மட்டும் எழுதக் கூடாது. ‘புதுப்பிப்பது பற்றி முடிவு செய்யும் கூட்டம்’ என்று எழுத வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்கு வரிகள் போட வேண்டும். விடுமுறை என்பதால் கூட்டம் எந்த நாளுக்கு நகர்கிறது என்று இப்போதே முடிவு செய்யலாம். முந்திய வாரத்துக்கு நகர்த்துவது நல்லது, தள்ளிப்போட்ட கூட்டம் இன்னும் தள்ளிப்போகும். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக அறவாரியத்தின் வருகை அறிக்கையும் கோயிலின் செலவுக் கணக்கும் எதிர்த் தரப்பின் கையில் இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பிறகு கோயில் செயற்குழுவின் தீர்மானம், அறவாரிய வாரியத்தின் ஒப்புதல். இரண்டுக்கும் நவம்பர் 2027 என்று கெடு வைத்தால் டிசம்பர் மாதம் கடிதம் எழுதக் கிடைக்கும். ‘குறைந்தது 60 நாள்’ என்பதில் முதல் நாளையும் கடைசி நாளையும் எப்படி எண்ணுவது என்ற வாதம் எழலாம் என்பதால், கடிதம் போகும் நாளை 15 ஜனவரி என்று வைக்காமல் ஒரு வாரமாவது முன்னால் வைக்க வேண்டும். ஒப்பந்தத்தின் கெடு ஒரு பத்தியில், நாம் வைத்துக்கொண்ட கெடு இன்னொரு பத்தியில். இரண்டையும் கலந்துவிட்டால் உண்மையான கடைசி நாள் எது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

பட்டியலின் தகுதி என்ன

புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் பொதுவாக ‘இது சட்டப்படி கட்டுப்படுத்தாது’ என்று ஒரு பிரிவு இருக்கும். கூடவே இரகசியம் காப்பது, செலவு போன்ற சில பிரிவுகள் மட்டும் கட்டுப்படுத்தும் என்று விலக்கும் இருக்கும். அந்த விலக்கில் வரும் பிரிவுகளுக்குப் பட்டியலில் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். பட்டியலின் அடியில் ‘இதற்கும் ஒப்பந்தத்துக்கும் வேறுபாடு இருந்தால் ஒப்பந்தமே செல்லும்’ என்ற ஒரு வரியும் வேண்டும். இல்லையென்றால், வயர்மேனுக்குக் கோயில் பணம் கொடுக்கும் என்று கூட்டத்தில் பேசி எழுதியது, ஒப்பந்தத்தையே திருத்தியதாக ஒரு தரப்பு பிறகு வாதிடலாம். பெரிய மாற்றம் என்றால், ஒப்பந்தம் சொல்லும் முறைப்படி இரு தரப்பும் கடிதம் பரிமாறித் திருத்துவதுதான் வழி.

ஒவ்வொரு வரிக்கும் ‘முடிந்தது’ என்று சொல்ல எது சான்று என்பதையும் முன்பே எழுத வேண்டும். மடிக்கணினிக்கு, வரிசை எண்களோடு கையெழுத்திட்ட பெறுகைச் சீட்டு. வயரிங்குக்கு, வயர்மேன் தந்த அறிக்கை. மறுஆய்வுக்கு, இரு தரப்பும் ஏற்ற கூட்டக் குறிப்பு. பெறுகைச் சீட்டில் வரிசை எண்கள் வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம், பெரும்பாலான பட்டியல்கள் விட்டுவிடும் கடைசி வரி: ஒப்பந்தம் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும் கடமைகள். நம் ஆவணத்தில் பிரிவு 11.3, புதுப்பிக்காவிட்டால் 14 நாட்களுக்குள் கோயில் கருவிகளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அது 29 மார்ச் 2028. அன்றைக்குப் பன்னிரண்டில் எத்தனை வேலை செய்கிறது, உடைந்ததற்கு யார் பொறுப்பு, கோலாலம்பூருக்குக் கொண்டுபோகும் லாரி வாடகை யாருடையது என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. மூன்று காலிக் கட்டங்கள். அவற்றை முதல் மறுஆய்வின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடலாம். கருவிகள் புதிதாக இருக்கும்போது இந்தப் பேச்சு சுலபம்.